ஏலத்தோட்டத்தில் பாம்புக்கடி: பூப்பாறைக் கூட்டத்துக்கான பேச்சு

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய ஏழு ஸ்லைடுகளையும் பார்த்தேன். "என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடு" என்று மட்டும் சொல்லியிருந்தீர்கள். உங்களுக்கு ஒதுக்கியிருப்பது எட்டு நிமிடம். நீங்கள் நிதானமாகப் பேசுகிறவர் என்பதால், படம் மாற்றும் நேரத்தையும் கழித்துவிட்டு அறுநூறு சொல்லுக்குள் அடக்கப் பார்த்திருக்கிறேன். எதிரே உட்காரப் போகிறவர்கள் ஜீப் ஓட்டுநர்களும் மேற்பார்வையாளர்களும்தான். ஆகவே இரண்டாம் ஸ்லைடின் எண்களைச் சுருக்கிவிட்டு, ஏழாம் ஸ்லைடில் "உடனே மருத்துவமனை" என்று இரண்டே சொல்லாக நின்றதை விரித்திருக்கிறேன். ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிக்காதீர்கள், அவர்களே படித்துக்கொள்வார்கள்.

தம்பி

ஸ்லைடு 1: தலைப்பு

அனைவருக்கும் வணக்கம். காலை நேரத்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். எட்டு நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன். தோட்டத்தில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால், மருத்துவர் வருவதற்கு முன்பு நீங்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும் என்ன என்பதைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன்.

ஸ்லைடு 2: எவ்வளவு பெரிய பிரச்சினை

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர்கள்.

ஸ்லைடு 3: ஏலச்செடியின் அடி

(படத்தைச் சில நொடிகள் பார்க்க விடவும்.)

இந்தப் படத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தேயிலையை இடுப்பு உயரத்தில் நின்றுகொண்டே கிள்ளலாம்; ஏலக்காயோ தட்டையின் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிக் கிடக்கும் சரத்தில்தான் காய்க்கிறது. அதை எடுக்கிற பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சருகை விலக்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் கையை விடுகிறாள். நிழலும் ஈரமும் சருகும் இருக்கிற அதே இடத்தில்தான் குழிவிரியனும் சுருண்டு கிடக்கிறது. நெருங்கினால் விலகி ஓடுகிற பாம்பு அன்று. அசையாமல் கிடந்து, கை பட்டதும் கடிக்கும். ஆகவே கையை விடுவதற்கு முன்பு ஒரு குச்சியால் சருகைக் கிளறச் சொல்லுங்கள். காலுக்கு முழங்கால் வரை பூட்ஸ் வேண்டும். கையுறை போட்டால் காய் எடுப்பது தாமதமாகும் என்று சொல்வார்கள். அது உண்மைதான், அதனால்தான் குச்சியை வற்புறுத்துகிறேன்.

ஸ்லைடு 4: எந்தப் பாம்பு

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராகத்தான் நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து தயாராகிறது. மூக்கு நுனி மேலே தூக்கிய சிறிய குழிவிரியன் ஒன்று நம் மலையில் உண்டு. அதன் நஞ்சை இந்த மருந்து முறிப்பதில்லை. அது கடித்தால் இரத்தம் உறைவது கெடலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். "சின்னப் பாம்புதானே" என்று வீட்டிலேயே இருந்துவிடாமல், இதற்கும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும். தூரத்திலிருந்து செல்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் மருத்துவருக்கு உதவும்; முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம், இரண்டாவது ஆளும் கடிபடுவார்.

கட்டுவிரியனைப் பற்றி மட்டும் ஒரு சொல். அது இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் தடமும் இல்லாமலே போகலாம். விடியற்காலையில் ஒருவர் வயிற்றுவலி என்று எழுந்து, கண்ணிமையைத் தூக்க முடியாமல் தவித்தால், குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்லைடு 5: முதலுதவி

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கையோ காலோ அழுகிப்போகும். கட்டை அவிழ்க்கிற நொடியில் நோயாளியின் நிலை திடீரென்று மோசமாகவும் கூடும்.

வளையல், மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றை முதலில் கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பிறகு மெட்டியைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மெட்டியைக் கழற்றக் கூடாது என்று கடிபட்ட பெண்ணே மறுப்பார். பக்கத்திலுள்ள வயதான பெண் ஒருவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு எலும்பு முறிவுக்குச் செய்வது போல, கடிபட்ட கையையோ காலையோ ஒரு கம்புடன் சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்கள். அவரை நடக்க விடாதீர்கள். ஜீப் வரை தூக்கிச் செல்லுங்கள். வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் இறங்காதபடி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு 6: மருத்துவமனையில்

ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். "வந்து அரை மணி நேரமாகியும் ஊசி போடவில்லை" என்று வாசலில் சண்டை பிடிப்பது பெரும்பாலும் இந்த இருபது நிமிடத்தில்தான். எல்லாக் கடிக்கும் மருந்து தேவைப்படாது. தேவையில்லாதவருக்குப் போட்டால் ஒவ்வாமை வரக்கூடும். ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றினாலும் ஒரு முழு நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

ஸ்லைடு 7: உடனே மருத்துவமனை

(இங்கே அவசரப்பட வேண்டாம்.)

எந்த மருத்துவமனை என்பதுதான் கேள்வி. நம் பெண்களில் பலர் காலையில் போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வருகிறவர்கள். கடிபட்டதும் "ஊருக்கே கொண்டு போ" என்று வீட்டார் சொல்வார்கள். "இங்கேயே காட்டலாம்" என்று தோட்டத்தார் சொல்வார்கள். ஜீப் கிளம்பாமல் நிற்கும். இறங்குகிற வழியில் மூச்சு நின்றுவிட்டால் வளைவில் நிறுத்தி நீங்கள் என்ன செய்ய முடியும்? அதனால் இடத்தை இன்றே முடிவு செய்யுங்கள். விஷமுறிவு மருந்தும், செயற்கைச் சுவாசக் கருவியும் இருக்கிற மிக அருகிலுள்ள மருத்துவமனை எதுவோ அதுதான் இடம். இடுக்கியா தேனியா என்பது பிறகு. சுவாசக் கருவி தொலைவில்தான் இருக்கிறது என்றால், மருந்து இருக்கிற அருகிலுள்ள இடத்தில் முதலில் போடச் செய்துவிட்டு மேலே போங்கள். கிளம்பும்போதே ஒருவர் அங்கே தொலைபேசியில் பேசி, மருந்து இருப்பில் உள்ளதா என்று கேட்டுவிட வேண்டும்.

108 இரு மாநிலத்துக்கும் பொதுவான எண். ஆனால் போடிமெட்டுப் பக்கம் செல்பேசி எந்த மாநிலக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்து மையத்துக்கு அழைப்பு போகக்கூடும். ஆகவே பெயரைச் சொல்வதற்கு முன்பு இடத்தைச் சொல்லுங்கள்.

வாசலருகே மேசையில் அட்டைகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் வந்திருப்பவர்கள், உங்கள் தோட்டத்துக்கு அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரையும் அவசரப் பிரிவின் எண்ணையும் என்னிடம் கேட்டு எழுதி, ஜீப்பின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.