கண்மாய் நீர் மேலாண்மை ஹேக்கத்தான்: இறுதிச் சுற்று நடுவர் அமர்வின் ஒப்பீட்டுக் குறிப்பு

பெறுநர்: ஏற்பாட்டுக் குழுவினர், நடுவர்கள் மூவர்

மதுரை மாவட்டத்துக் கண்மாய்ப் பாசனத்தையும் ஊரகக் குடிநீரையும் கருப்பொருளாகக் கொண்டு நம் கல்லூரியில் நடந்த 36 மணி நேர ஹேக்கத்தானின் இறுதிச் சுற்று, சனிக்கிழமை பிற்பகலில் ஒளிப்பதிவு செய்யப்பட்டது. 2 மணி 11 நிமிடம் ஓடும் அந்தப் பதிவை இரண்டு முறை முழுமையாகக் கேட்டு, நடுவர்கள் கையொப்பமிட்ட மதிப்பெண் தாள்களுடன் ஒப்பிட்டு இந்தக் குறிப்பை எழுதியிருக்கிறேன். ஆறு அணிகளுக்கும் இதை அனுப்புமுன் நடுவர்களின் ஒப்புதல் வேண்டும்.

நடுவர் அ, நீர்வளத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர். நடுவர் ஆ, மென்பொருள் நிறுவனமொன்றில் உணர்விக் கருவிகள் சார்ந்த பிரிவை நடத்துபவர். நடுவர் இ, கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கமொன்றின் பொறுப்பாளர். தாமே நெல் பயிரிடுபவர். ஒவ்வொருவரும் 100 மதிப்பெண்ணுக்கு மதிப்பிட்டார்கள்: சிக்கலைப் புரிந்துகொண்ட விதம் 20, தொழில்நுட்பம் இயங்கும் நிலை 30, களப்பயன் 25, செலவும் பராமரிப்பும் 15, விளக்கிச் சொன்ன திறன் 10. மூவரின் சராசரியே இறுதி மதிப்பெண். சமநிலை வந்தால் களப்பயனில் கூடுதல் பெற்ற அணிக்கே முன்னுரிமை என்ற விதி, போட்டி தொடங்குமுன்பே அறிவிக்கப்பட்டது.

கீழுள்ள அட்டவணையில் கருத்துகளை நடுவர்களின் சொற்களுக்கு இயன்றவரை நெருக்கமாகச் சுருக்கியிருக்கிறேன். யார் சொன்னது என்பதை அடைப்புக்குறிக்குள் காணலாம். ஒருவர் சொன்னதை மூவரின் கருத்தாக எந்த இடத்திலும் எழுதவில்லை.

| அணி, திட்டம் | அ | ஆ | இ | சராசரி | இடம் | நடுவர்கள் பாராட்டியவை | நடுவர்கள் சுட்டிய குறைகள் |
|---|---|---|---|---|---|---|---|
| அணி 1: மடையருகே மீயொலி நீர்மட்ட மானி, LoRa வழித் தகவல் | 78 | 84 | 81 | 81.0 | 1 | கருவி மேடையிலேயே பிழையின்றி இயங்கியது (ஆ). மட்டத்தை ஊரார் பழகிய அடிக்கணக்கில் காட்டுகிறது (இ). | வெப்பநிலைத் திருத்தம் இல்லை (ஆ). மட்டத்தைக் கொள்ளளவாக மாற்றும் அட்டவணை இல்லை (அ). திருட்டுக்குப் பாதுகாப்பு என்ன (இ)? |
| அணி 2: Sentinel-2 படங்களிலிருந்து கண்மாய் நீர்ப்பரப்பு வரைபடம் | 80 | 88 | 66 | 78.0 | 3 | கருவி எதுவும் நடாமல் நூற்றுக்கணக்கான கண்மாய்களைப் பார்க்கலாம் (அ). நிரல் மிகத் தெளிவானது (ஆ). | மழைக்காலத்து மேகம் (அ). ஆகாயத்தாமரையும் கருவேலமும் மூடிய நீர் தெரியாது (இ). பரப்பு தெரிந்தாலும் ஆழம் தெரியாது (அ, இ). |
| அணி 3: மடை திறக்கும் முறையைக் குரல் அழைப்பில் அறிவித்தல் | 76 | 68 | 90 | 78.0 | 2 | நீர்பாய்ச்சியிடமும் கடைமடை விவசாயியிடமும் பேசிவிட்டு வந்த ஒரே அணி (இ). எழுத்தறிவு தேவைப்படாத வடிவம் (அ). | தொழில்நுட்பத்தில் புதுமை குறைவு (ஆ). அழைப்புச் செலவை யார் ஏற்பார் (ஆ)? முறை மாறினால் திருத்த வழியில்லை (அ). |
| அணி 4: குடிநீர்க் குழாய்க் கசிவை ஒலியால் அறிதல் | 70 | 74 | 63 | 69.0 | 4 | குறைந்த விலை ஒலி உணர்வியைக் கொண்டே கசிவைப் பிரித்துக் காட்டியது (ஆ). | சோதித்தது இரும்புக் குழாயில் மட்டுமே. ஊர்களில் உள்ளவை பெரும்பாலும் பிவிசி (அ). |
| அணி 5: மண் ஈரப்பதம் பார்த்து இயங்கும் சொட்டுநீர்க் கட்டுப்பாடு | 64 | 71 | 69 | 68.0 | 5 | மின்சாரம் போய் வந்தாலும் பழைய அமைப்பை நினைவில் வைத்திருக்கிறது (ஆ). | கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே அளவுத்திருத்தம் (அ, இ). சந்தையில் இருப்பதிலிருந்து வேறுபாடு சொல்லப்படவில்லை (ஆ). |
| அணி 6: குடிநீர்த் தரம் அறியும் கைக்கருவி | 58 | 65 | 60 | 61.0 | 6 | கையடக்கமான, எளிய வடிவம் (இ). | கரைந்த உப்பின் அளவை மட்டும் வைத்துப் "பாதுகாப்பானது" என்று காட்டுவது தவறு (அ). |

மதிப்பெண்கள் பற்றி

முதலிடம் பெற்ற அணி 1 எந்த நடுவரின் தாளிலும் முதலிடத்தில் இல்லை. மூவருமே அதை இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறார்கள். அ, ஆ இருவரின் முதல் தேர்வு அணி 2. இ அவர்களின் முதல் தேர்வு அணி 3. விதிப்படி சராசரிதான் முடிவு என்பதால் இடவரிசையில் ஐயம் இல்லை. ஆனாலும் இந்தத் தகவலை அணிகளிடமிருந்து மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, 78.0 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் ஓர் அணிக்கு 66ம் 88ம், இன்னோர் அணிக்கு 68ம் 90ம் இருக்கும்போது, சராசரியை மட்டும் அனுப்பினால் அந்த மாணவர்களுக்குத் தங்கள் வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போகும்.

அணி 2, அணி 3 இரண்டின் கூட்டுத்தொகையும் 234. களப்பயனுக்கான 75 மதிப்பெண்ணில் அணி 3 பெற்றது 62 (அ 20, ஆ 18, இ 24), அணி 2 பெற்றது 48 (அ 17, ஆ 19, இ 12). ஆகவே இரண்டாம் இடம் அணி 3க்கு உரியது.

அணி 3க்கு நடுவர் ஆ அளித்த மதிப்பெண்ணில் பதிவுக்கும் தாளுக்கும் வேறுபாடு இருக்கிறது. நடுவர்கள் கலந்துபேசியபோது 1:52ல் அவர் 72 என்று சொல்கிறார். அழைப்புச் செலவு குறித்த விவாதத்துக்குப் பின் 2:03ல் 68 எனத் திருத்திக்கொள்கிறார். கையொப்பமிட்ட தாளிலும் 68தான் உள்ளது. தாளில் இருப்பதையே எடுத்துக்கொண்டேன். 72 என்று கொண்டால் அந்த அணியின் சராசரி 79.3 ஆகும், அப்போதும் அதற்கு இரண்டாம் இடமே.

கருத்துகளின் விரிவு

அணி 1 குறித்து நடுவர் ஆ எழுப்பிய வெப்பநிலைக் கேள்வி அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்காதது. காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. காலைக்கும் பிற்பகலுக்கும் 10 டிகிரி வேறுபாடு இருந்தால், உணர்வியிலிருந்து 3 மீட்டர் கீழே நிற்கும் நீர்மட்டத்தை அளப்பதில் சுமார் 5 செ.மீ. பிழை வரும். இது சிறிய அளவு என்று அணியினர் பதில் சொன்னபோது நடுவர் அ குறுக்கிட்டார்: 40 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் 5 செ.மீ. என்பது 20,000 கன மீட்டர். அதாவது ஒரு மில்லியன் கனஅடியில் பத்தில் ஏழு பங்கு. வெப்பநிலை உணர்வி ஒன்றைச் சேர்த்து, கணக்கிடும்போது வேகத்தைத் திருத்திக்கொண்டால் போதும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். கொள்ளளவு அட்டவணை அவ்வளவு எளிதாகத் தீராது. வண்டல் படிந்த கண்மாயில் பழைய அட்டவணை பொருந்தாது என்பதால், புதிதாக நில அளவை செய்தாக வேண்டும் என்பது நடுவர் அ அவர்களின் கருத்து. LoRa கருவி இந்தியாவில் உரிமம் தேவையில்லாத 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதை அணி உறுதிப்படுத்தியது.

அணி 2 பற்றிய உரையாடலே அமர்வின் ஆழமான பகுதி. பச்சை, அண்மை அகச்சிவப்பு ஆகிய இரு பட்டைகளின் வேறுபாட்டைக் கொண்டு நீரைப் பிரிக்கும் NDWI குறியீட்டை அணி பயன்படுத்தியிருக்கிறது:

```
NDWI = (B3 - B8) / (B3 + B8)
```

இந்தப் பட்டைகளின் நுணுக்கம் 10 மீட்டர். இரு செயற்கைக்கோள்களும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. ஆனால் நம் பகுதிக் கண்மாய்கள் நிரம்புவது வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில். வானம் மூடிக்கிடப்பதும் அப்போதுதான். மேகத்தை ஊடுருவும் ரேடார் கொண்ட Sentinel-1 படங்களைச் சேர்க்கும்படி நடுவர் அ கேட்டுக்கொண்டார். நடுவர் இ தம் ஊர்க் கண்மாயை வரைபடத்தில் காட்டச் சொன்னார். ஆகாயத்தாமரை படர்ந்த பகுதி அதில் வறண்ட நிலமாகத் தெரிந்தது. அவருடைய 66க்கு அந்த ஒரு காட்சியே பெரும் காரணம் என்பது 1:49ல் அவர் சொல்வதிலிருந்து தெரிகிறது. இதை ஆய்வின் தோல்வியாக அணியினர் எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கண்மாயில் செடி மூடியிருக்கிறது என்று தனியே குறித்துக் காட்டினாலே அதுவும் பயனுள்ள தகவல்தான் என்று நடுவர் ஆ சொன்னது பதிவில் மெதுவாகக் கேட்கிறது. தவறவிடக் கூடாது என்று இங்கே சேர்த்திருக்கிறேன்.

அணி 3 அளித்தது பெரிய கணினி வேலை அன்று. எந்த மடை எந்த இரவில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை ஆயக்கட்டு விவசாயிகளின் கைபேசிக்குக் குரலில் சொல்வது மட்டுமே அதன் பணி. கடைமடைக்காரர் தண்ணீர் வருமென்று விடியவிடியக் காத்திருக்கும் வழக்கம் இதனால் குறையும் என்று நடுவர் இ அழுத்தமாகச் சொன்னார். கலுங்கு வழியும் நாளில் முறையே மாறிவிடும் என்பதை நடுவர் அ நினைவூட்டினார். அப்போது நீர்பாய்ச்சியே ஓர் எண்ணை அழுத்தி அட்டவணையை மாற்றும் வசதி வேண்டும். குரலுக்குப் பதிலாகக் குறுஞ்செய்தி அனுப்பலாமே என்ற யோசனைக்கு நடுவர் ஆ பதில் சொன்னார்: மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திக்கு அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்பையும் முன்பதிவு செய்ய வேண்டும், விவசாயிகள் சங்கத்தின் பெயரில் அதைச் செய்வதே வழி.

அணி 4க்கான கேள்விநேரத்தில், 1:01ல் ஒலிவாங்கி அணைந்து சுமார் 40 நொடி எதுவும் கேட்கவில்லை. அந்த இடைவெளியில் நடுவர் இ ஏதோ கேட்பது காட்சியில் தெரிகிறது. ஊகித்து எழுத விரும்பாததால் விட்டுவிட்டேன்; அவர் நினைவுகூர்ந்து சொன்னால் சேர்ப்பேன். பிவிசி குழாய் ஒலியை விரைவில் மட்டுப்படுத்துவதால் உணர்விகளை இன்னும் நெருக்கமாகப் பொருத்த வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெளிவாகப் பதிவாகியுள்ளது.

அணி 5 பற்றி அட்டவணையில் உள்ளதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அணி 6 கடைசி இடம் பெற்றிருந்தாலும் அதற்குச் சொல்லப்பட்ட கருத்து பொது நலம் சார்ந்தது. ஆகவே முழுமையாகத் தருகிறேன். இந்தியத் தர நிர்ணயமான IS 10500 குடிநீரில் கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மி.கி. என்ற ஏற்கத்தக்க வரம்பையும், மாற்று நீர் இல்லாதபோது 2,000 மி.கி. வரை அனுமதியையும் வகுத்துள்ளது. ஆனால் புளோரைடுக்கு அதே தரத்தில் தனி வரம்பு உண்டு: 1.0 மி.கி., மாற்று நீர் இல்லாதபோது 1.5 மி.கி. கரைந்த உப்பின் அளவு குறைவாக இருக்கும் நீரிலும் புளோரைடு மிகுந்திருக்கலாம். நோய்க்கிருமிகளை இந்த உணர்வி அறியவே அறியாது. கருவியில் எரியும் பச்சை விளக்கை நம்பி ஒரு குடும்பம் அந்த நீரைக் குடித்துவிடக் கூடாது என்பதால், "பாதுகாப்பானது" என்ற சொல்லை உடனே நீக்கும்படி நடுவர் அ கேட்டுக்கொண்டார். அணியினர் அமர்விலேயே ஏற்றுக்கொண்டார்கள். திருத்திய திரையின் படத்தை அவர்களிடமிருந்து பெற்று வைத்திருக்கிறேன்.

நடுவர்கள் தங்கள் பெயரில் உள்ள கருத்துகளைச் சரிபார்த்து, புதன்கிழமை மாலை 5 மணிக்குள் திருத்தங்களைத் தெரிவிக்க வேண்டுகிறேன். வியாழக்கிழமை காலை அணிகளுக்கு அனுப்பும்போது, ஒவ்வோர் அணிக்கும் அதற்குரிய கேள்விநேரப் பதிவின் துண்டும் உடன் செல்லும்.

மாணவர் ஒருங்கிணைப்பாளர்,
இறுதிச் சுற்றுப் பதிவுப் பொறுப்பு