கட்டைவிரலுக்கு அடியில் இருந்த எண்

எல்லோருக்கும் காலை வணக்கம். உட்காருங்கள் பிள்ளைகளே. கடைசி வரிசை ஷெட்டுக்குள் தள்ளி உட்காருங்கள், வெயில் ஏறிவிட்டது. இன்றைக்கு மைக் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மைக் போட்டால் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும். பேசப்போவது நம் வீட்டு விஷயம்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் கணக்கு மிஸ் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு குரூப்பில் ஒரு கேள்வித்தாளைப் போட்டோ எடுத்துப் போட்டார். அதில் ஒரு கேள்வி: ஒரு நேர்வட்டக் கூம்பின் உயரம் 24 செ.மீ, ஆரம் இவ்வளவு, வளைபரப்பு என்ன? அந்த 'இவ்வளவு' என்கிற இடத்தில் மிஸ்ஸின் கட்டைவிரல் விழுந்துவிட்டது. ஆரம் எவ்வளவு என்று படத்தில் தெரியவே தெரியாது. பெரிதாக்கிப் பார்த்தாலும் நகம்தான் தெரியும். நானும் பார்த்தேன்.

வகுப்பில் 38 பேர். 31 பேர் விடை எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அதில் 28 பேருடைய விடை 550.

விடை சரி. ஆரம் 7 என்றால் சாயுயரம் √(49 + 576), அதாவது 25. πrl போட்டால் 22/7 × 7 × 25 = 550. அழகாக வருகிறது. ஆனால் அந்த 7 உங்களுக்கு எங்கிருந்து வந்தது? கட்டைவிரலுக்கு அடியில் இருந்த எண்ணை 28 பேர் எப்படிப் பார்த்தீர்கள்?

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். 'ஏ' பிரிவு குரூப்பில் அதே கேள்வி விரல் இல்லாமல் போயிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் விடைக்குறிப்பும் போயிருக்கிறது. அங்கிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்? 28 பேரில் 11 பேர் 'சதுர செ.மீ' என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் 'செ.மீ' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ ஒருவர் அவசரத்தில் விட்டது, பதினோரு வீட்டுக்கு நடந்து போயிருக்கிறது.

அப்புறம் மிச்சம் மூன்று பேர். ஒருவர், "மிஸ், ஆரம் தெரியவில்லை, விரல் மறைக்கிறது" என்று எழுதி அனுப்பினார். இன்னொருவர் ஆரத்தை r என்றே வைத்துக்கொண்டு √(r² + 576) வரைக்கும் வந்து நிறுத்தியிருந்தார். மூன்றாமவர் கூம்பைப் படம் வரைந்து, உயரத்தை மட்டும் குறித்து, மீதியை வெறுமையாக விட்டிருந்தார். அன்றைக்கு அந்தக் கேள்வியை உண்மையாக எழுதியவர்கள் இந்த மூன்று பேர்தான். பெயர் சொல்லமாட்டேன். அந்த 28 பேருடைய பெயரையும் சொல்லமாட்டேன். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மிஸ் அந்த விடைத்தாள்களை என் போனில் காட்டியபோது எனக்குக் கோபம் வந்தது. ராத்திரி யோசித்துப் பார்த்தபோது அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. ஜனவரியில் திருப்புதல் தேர்வு முடிந்ததும் இதே ஷெட்டில் நின்று மார்க் வாரியாகப் பெயர் படித்தவன் நான். குறைவாக வாங்கியவர்களை எழுந்து நிற்கவும் சொன்னேன். அதைப் பார்த்தவன், அடுத்த முறை தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை" என்று எழுதுவானா? எவன் எழுதுவான்? நானாக இருந்தாலும் 'ஏ' பிரிவு நண்பனுக்குத்தான் போன் போட்டிருப்பேன். அது என் தப்பு. அதற்காக உங்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதனால் இன்று முதல் இந்தப் போட்டோ கேள்விகளுக்கு நீங்கள் வாங்கும் மார்க் எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது. பெற்றோர் கூட்டத்தில் வராது. நான் படிக்கமாட்டேன், மிஸ்ஸும் படிக்கமாட்டார். 3 வாங்கினால் 3. அந்த 3 உங்களுக்கும் உங்கள் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

சரி, மார்க்கே இல்லை என்றால் எதற்கு எழுத வேண்டும்? கேட்பீர்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது போன் கிடையாது, நோட்ஸ் புத்தகம்தான். கேள்வி மேலே இருக்கும், விடை கீழே இருக்கும். விடையைக் கையால் மூடிக்கொண்டு கணக்குப் போடுவேன். இரண்டாவது வரியில் தடுக்கினால் விரலைக் கொஞ்சம் விரிப்பேன். ஒரு வரி தெரியும். 'அட, இதுதானே, எனக்குத் தெரியுமே' என்று மறுபடி மூடுவேன். நாலாவது வரியில் மறுபடி விரிப்பேன். இப்படியே இயற்பியல் புத்தகம் முழுவதையும் முடித்து, எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். அங்கே விரிப்பதற்கு விரல் இருந்தது, அடியில் விடை இல்லை. இன்றைக்கும் அந்த மார்க்கை யாரிடமும் சொல்வதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

பார்த்தால் புரிவது வேறு, பார்க்காமல் எழுத வருவது வேறு. இதை அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் மாணவர்களை வைத்தே சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். ஒரு பாடத்தை ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். உங்களுக்குப் பரீட்சை ஐந்து நிமிடத்திலா இருக்கிறது?

ஆராய்ச்சியை விடுங்கள். கேரம் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் யார் இருக்கிறீர்கள்? தனியாக போர்டில் பழகும்போது யாரும் பார்க்கவில்லையே என்று காயினைக் கையால் பாக்கெட்டில் தள்ளினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, போர்டு காலியாகும். அவ்வளவுதான். நம் புது வண்ணாரப்பேட்டையிலிருந்து போய் 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கி வந்தாரே காசிமா, அவர் அப்படிப் பழகியிருப்பாரா? இன்னொன்றும் கேரம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, ஃபாலோ போட வேண்டும். இல்லாவிட்டால் ரெட் திரும்ப போர்டுக்கு வந்துவிடும். விடை எழுதுவது ரெட் என்றால், மறுநாள் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு நீங்களே சிவப்புப் பேனாவால் திருத்துகிறீர்களே, அதுதான் ஃபாலோ. நிறைய பேர் எழுதுவதோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

எப்படி எழுத வேண்டும் என்று சொல்கிறேன். படம் வந்ததும் கேள்வியை முதலில் நோட்டில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். போன் கையில் இருந்தால் ஒரு தள்ளு தள்ளினால் விடை, அது எனக்கும் தெரியும். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து மார்க் கேள்விக்கு எட்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லையா, எங்கே நின்றீர்களோ அங்கே ஒரு கோடு போட்டு "இதற்கு மேல் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அந்தக் கோடுதான் மிஸ்ஸுக்கு வேண்டும். 550 என்று 28 பேர் எழுதினால் மிஸ் என்ன நினைப்பார்? கூம்பு எல்லோருக்கும் வந்துவிட்டது, இனி நடத்த வேண்டாம் என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். நஷ்டம் யாருக்கு?

பாதியில் நிற்பதை அவமானமாக நினைக்காதீர்கள். பொதுத்தேர்வில் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. சூத்திரம் எழுதி, எண்களைப் போட்டு, கடைசியில் பெருக்கலில் தப்பினால்கூட முன்னால் இருக்கும் வரிகளுக்கு மார்க் கிடைக்கும். பாதி வரைக்கும் சொந்தமாகப் போய்ப் பழகியவனுக்குத்தான் ஹாலிலும் பாதி வரைக்கும் கை போகும். பத்தாம் வகுப்புக் கணக்கில் 28ஆம் கேள்வியும் 42ஆம் கேள்வியும் கட்டாயம். அங்கே சாய்ஸ் கிடையாது, தெரிந்ததை வைத்து முட்டி மோதித்தான் பார்க்க வேண்டும். அதற்கும் இப்போதே பழக வேண்டும்.

வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஒரே அறை, டிவி, தம்பி, தங்கை. சில வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு விடியற்காலையிலேயே காசிமேட்டுக்குப் போய்விடுகிறது. குரூப்பே பார்க்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டதில் பதினான்கு பேர் கை தூக்கினீர்கள். கை தூக்காதவர்களும் இருப்பீர்கள். இன்று முதல் அதே கேள்வித்தாளின் ஜெராக்ஸ் ஆபீஸ் வாசலில் இருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள், காசு கிடையாது, யாரிடமும் கேட்கவும் வேண்டாம். கீழ்த்தளத்தில் இரண்டு வகுப்பறை சாயங்காலம் 7 மணி வரை திறந்திருக்கும். மின்விசிறி ஒன்று சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆசிரியர் உட்கார்ந்திருப்பார், அவர் பாடம் நடத்தமாட்டார். பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டுமென்றால் ஐந்தரைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இனி விடைக்குறிப்பு அன்றைக்கே போகக்கூடாது. கேள்வி சாயங்காலம் 5 மணிக்கு எல்லா பிரிவுக்கும் ஒரே நேரத்தில், விடை மறுநாள் காலை 7 மணிக்கு. படம் எடுக்கும்போது தாளின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். மிஸ், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் விரல் இல்லாவிட்டால் எனக்கு இதெல்லாம் தெரிந்தே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுத் தேர்வு. பொதுத்தேர்வு மாதிரியே காலை 10 மணிக்குத் தொடங்கி 1.15க்கு முடியும். முதல் பத்து நிமிடம் கேள்வித்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, பிறகு மூன்று மணி நேரம். வீட்டில் எழுதினாலும் இங்கே வந்து எழுதினாலும் நேரம் அதேதான். நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்து, டிவி பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதினால் நோட்டில் அந்த நேரத்தையும் குறித்துவையுங்கள்.

இன்று சாயங்காலம் அதே கூம்புக் கேள்வி எல்லா பிரிவுக்கும் மறுபடி வரும். உயரம் வேறு, ஆரம் வேறு. இந்த முறை விரல் இருக்காது. எனக்கு 550 வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்பு முதலில் எழுந்து போகட்டும். படிக்கட்டுப் பக்கம் மோர் வைத்திருக்கிறார்கள், டம்ளரை அலம்பிவிட்டு வையுங்கள்.