எம்பெடட் சிஸ்டம்ஸ் மாஸ்டர்ஸ், செம்னிட்ஸ் | 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கும் இன்டர்ன்ஷிப் தேடறேன்

வணக்கம்ங்க. சொந்த ஊரு கோயம்புத்தூர், கணபதி. இப்ப ஜெர்மனியில செம்னிட்ஸ் டெக்னிகல் யுனிவர்சிட்டில எம்பெடட் சிஸ்டம்ஸ் மாஸ்டர்ஸ் பண்றேன், 3 செமஸ்டர் முடியப்போகுது. இங்க கம்பெனிகள்ல வேலை பாக்கற நம்ம அண்ணா அக்காங்க யாராவது உங்க டீமுக்கு ரெஃபர் பண்ண முடியுமான்னு கேக்கத்தான் இத தமிழ்ல எழுதறேன்.

இங்க வர்றதுக்கு முன்னாடி 2 வருஷம் ஊர்ல ஒரு பம்ப் மோட்டார் கம்பெனில டெஸ்டிங் பெஞ்ச்ல இருந்தேன். அங்க பெரியவர் ஒருத்தர் ஸ்க்ரூடிரைவர் நுனிய பேரிங் மேல வெச்சு பிடிய காதுல ஒட்டிக் கேட்டே மோட்டார் சரியா இல்லையான்னு சொல்லிடுவாரு, அத ஒரு சென்சார்ல கொண்டு வரணும்னுதான் இந்தப் படிப்புக்கே வந்தேன்.

அதுதான் என் மெயின் ப்ராஜெக்ட். ADXL345 சென்சார், STM32 போர்டு, சி கோடு எல்லாம் நானே எழுதினது. 2 போல் மோட்டார் 2880 ஆர்பிஎம்ல ஓடுதுன்னா சுத்தற வேகம் 48 ஹெர்ட்ஸ், ஷாஃப்ட் அலைன்மென்ட் தப்பினா 96ல அதிர்வு ஏறும், கரண்ட்டால வர்ற அதிர்வோ 100ல இருக்கும். முதல்ல செகண்டுக்கு 3200 சாம்பிள் வேகத்துல 1024 சாம்பிள் மட்டும் எடுத்தேன், ஒரு கட்டம் 3.125 ஹெர்ட்ஸ் அகலம் ஆயிடுச்சு, 96ம் 100ம் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரே மேடா தெரிஞ்சுது. 4096க்கு மாத்தினதும் ரெண்டும் தனித்தனியா நின்னுச்சு. ஃபர்ம்வேர், கண்டிஷன் மானிட்டரிங், மோட்டார் கன்ட்ரோல், இந்த மாதிரி வேலைதான் வேணும். பைத்தானும் கிட்டும் தெரியும். ஜெர்மன் A2, B1 க்ளாஸ் போயிட்டிருக்கு.

விசா விவரம், ஹெச்ஆர் கேட்டா அப்படியே சொல்லலாம்: என்கிட்ட இருக்கறது படிப்புக்கான ரெசிடென்ஸ் பெர்மிட் (§ 16b AufenthG), 2027 மார்ச் வரைக்கும் செல்லும். வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் வேலை செய்யலாம், அதுக்குள்ள இருந்தா கம்பெனி தனியா பெர்மிட் எதுவும் எடுக்க வேண்டாம். இது என் கோர்ஸ்ல கட்டாயமான இன்டர்ன்ஷிப் இல்ல, நானா பண்றது, அதனால அந்தக் கணக்குல சேரும். ஏப்ரல் 1லருந்து செப்டம்பர் 30 வரைக்கும் சனி ஞாயிறு போக 131 நாள்தான் வருது. இப்ப யுனிவர்சிட்டி லேப்ல பாக்கற அசிஸ்டென்ட் வேலை இந்தக் கணக்குல வராது, அதனால 140ம் அப்படியே பாக்கி இருக்கு.

போன தடவை ஒரு ஃபார்ம்ல ஸ்பான்சர்ஷிப் வேணுமான்னு கேட்டதுக்கு பயந்துபோய் ஆமான்னு போட்டுட்டேன், மறுநாளே ரிஜெக்ட் மெயில் வந்துச்சு. இந்த இன்டர்ன்ஷிப்புக்கு ஸ்பான்சர்ஷிப் தேவையில்லைங்க, அத மட்டும் மொதல்லயே சொல்லிடுங்க. 3 மாசத்துக்கு மேல போனா மினிமம் வேஜ், அதாவது மணிக்கு 13.90 யூரோ, பொருந்தும், அதுக்கு பட்ஜெட் இல்லாத டீம்னா 3 மாசமா வெச்சுக்கலாம், எனக்கு சம்மதம்.

எந்த ஊருன்னாலும் வர்றேன். சிவி, மார்க் ஷீட், என்ரோல்மென்ட் சர்டிஃபிகேட், பெர்மிட் காப்பி எல்லாம் ஒரே பிடிஎஃப்ல ரெடியா இருக்கு, இங்கயே மெசேஜ் போடுங்க, அன்னிக்கே அனுப்பிடறேன்.