கைக்குழந்தைக்குக் கற்பூர எண்ணெய் வேண்டாம், சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துக் குழந்தைக்குத் தடவும் உங்கள் காணொளியை, வார்டில் பிள்ளையோடு இருக்கும் தாய்மார்கள்தான் எனக்குக் காட்டினார்கள். நிதானமாகவும் அன்பாகவும் பேசுகிறீர்கள். மருத்துவரைக் கேட்காமல் மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கி ஊற்றாதீர்கள் என்றீர்களே, அதை நாங்கள் தொண்டை வற்றச் சொல்லியும் பலர் கேட்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்கிறார்கள். இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

ஒன்றரை மாதக் குழந்தைக்கும் இந்த எண்ணெயை நெஞ்சிலும் முதுகிலும் தடவலாம், மூக்கோரத்திலும் ஒரு சொட்டு வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஓரிடத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கற்பூரம் தோல் வழியாகவும் மூக்கின் உள்சவ்வு வழியாகவும் வேகமாக இரத்தத்தில் கலந்துவிடும். கைக்குழந்தைக்குத் தோல் மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். உள்ளே போனதை முறித்து வெளியேற்றும் அளவுக்குக் கல்லீரல் இன்னும் முதிர்ந்திருக்காது. அளவு மிஞ்சினால் வலிப்பு வரும், சில நேரம் எந்த முன்னறிகுறியும் இல்லாமல். ஒரு கிராம் அளவு விழுங்கியே குழந்தை இறந்ததாக மருத்துவ நூல்களில் பதிவு இருக்கிறது. எண்ணெய் தடவிய கையைக் குழந்தை வாயில் வைக்காமல் இருக்குமா என்ன? அமெரிக்காவில் கற்பூர எண்ணெய் விற்பனையை 1982-லேயே தடுத்துவிட்டார்கள். கற்பூரம் கலந்த நெஞ்சுத் தைல டப்பியைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு வயதுக்குக் கீழே பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டில் நாம் கரைக்கும்போது அந்த அளவுக்கணக்குகூடக் கிடையாது. பூஜைக் கற்பூரம் என்றால் அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது.

மூக்கில் எண்ணெய் விடுவது இன்னொரு சிக்கல். கற்பூரமே இல்லாத சுத்தமான தேங்காய் எண்ணெயானாலும், நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

“எங்கள் பாட்டி தடவித்தானே நாங்கள் வளர்ந்தோம்” என்று கேட்பார்கள். உண்மைதான், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகிவிட்ட பிள்ளைதான் எங்கள் வார்டுக்கு வருகிறது. சட்டையைக் கழற்றியதும் கற்பூர வாசனை குப்பென்று அடிக்கும். பக்கத்தில் நிற்கும் பாட்டி, தான் தடவியதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருப்பார். அவர் மேல் கோபமே வராது.

அப்படியானால் சளிக்கு என்ன செய்வது? முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கடைத்தால் பால் குடிக்க முடியாமல் அழும். மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு மருந்து கிடைக்கும். மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுக்கொண்டு, பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மூக்கில் விட்டு, வழிந்துவரும் சளியை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். தாய்ப்பாலை ஒவ்வொரு வேளையும் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்கலாம். ஆவி பிடிக்க வைக்க வேண்டாம். வெந்நீர் கொட்டிப் புண்ணோடு வரும் பிள்ளைகள் தனிக்கதை. ஒரு வயது ஆகும்வரை தேனும் கூடாது. நீங்கள் காட்டிய மென்மையான நீவுதல் அழகாக இருந்தது. கற்பூரம் இல்லாமல் அதைச் செய்யத் தடையில்லை, நெஞ்சை அழுத்தாமல் இருந்தால் சரி.

அடுத்த காணொளியில் மூச்சை எண்ணக் கற்றுக்கொடுங்களேன். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் இருந்தால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வெறும் சளி இல்லை. விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, பால் குடிக்க மறுப்பது, உதடு நீலமாவது, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் உடனே கிளம்பிவிட வேண்டும்.

ஏற்கெனவே தடவிவிட்டோமே என்று உங்களிடம் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: சோப்பும் இளஞ்சூட்டு நீரும் கொண்டு எண்ணெயைக் கழுவிவிட்டு, குழந்தையின் மேல் கண் வைத்திருக்க வேண்டும். வாயில் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். கை கால் வெட்டி இழுத்தாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். கற்பூரப் பொட்டலத்தையும் கையோடு எடுத்து வரட்டும்; என்ன தடவினோம் என்பதை மறைக்காமல் சொல்லட்டும், யாரும் திட்ட மாட்டோம்.

அன்புடன்,
குழந்தைகள் வார்டுச் செவிலியர் ஒருவர்