60 மதிப்பெண் எங்கிருந்து வந்தது? கட்டுரைக்கு முன் ஒரு விளக்கம்

வணக்கம். கிராமத்தில் சர்க்கரை நோயாளிகளைக் கண்டறிவது பற்றிய உங்கள் கட்டுரை வரைவைப் படித்தேன். செய்முறைப் பகுதியில் "ஆர்.ஓ.சி. வளைகோட்டின்படி சரியான கட்-ஆஃப் கண்டறியப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். கட்-ஆஃபை வளைகோடு கண்டுபிடித்துத் தராது. எந்த கட்-ஆஃபுக்கு என்ன விலை என்று மட்டும் காட்டும். தேர்வு நம்முடையது, அதற்கான காரணமும் கட்டுரையில் இருக்க வேண்டும்.

நீங்கள் பயன்படுத்தும் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்டது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்ற நான்கு விவரங்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண். ரத்தம் எடுக்கத் தேவையில்லை, ஓர் இஞ்ச் டேப் போதும்.

கட்-ஆஃப் 60 என்றால், 60-ம் அதற்கு மேலும் எடுத்தவர்கள் 'பாசிட்டிவ்'. அந்த ஆய்வில் இதற்குச் சென்சிட்டிவிட்டி, அதாவது நோயுள்ளவர்களில் பாசிட்டிவ் ஆனோர், 72.5%; ஸ்பெசிஃபிசிட்டி, அதாவது நோயில்லாதவர்களில் பாசிட்டிவ் ஆகாதோர், 60.1%. வளைகோட்டில் இது ஒரே ஒரு புள்ளி. செங்குத்து அச்சில் 0.725. கிடை அச்சில் வருவது ஸ்பெசிஃபிசிட்டி அல்ல, நோயில்லாதவர்களில் தவறாகப் பிடிபட்டோரின் விகிதம். ஆகவே 1 − 0.601 = 0.399. கட்-ஆஃபை 50-க்கு இறக்கினால் புள்ளி மேலேயும் வலப்பக்கமும் நகரும்: கூடுதல் நோயாளிகள் பிடிபடுவார்கள், கூடவே நோயில்லாதவர்களும். 70-க்கு ஏற்றினால் நேர்மாறு. இப்படி ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் புள்ளி வைத்து இணைத்தால் அதுதான் வளைகோடு. இந்த மதிப்பெண் பத்துப் பத்தாக ஏறுவதால் கோடு வழவழப்பாக வராது. அதை 'ஸ்மூத்' செய்து அழகாக்க வேண்டாம்.

கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு, அதாவது ஏ.யு.சி., அந்த ஆய்வில் 0.698. நோயுள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், நோயுள்ளவரின் மதிப்பெண் அதிகமாக இருக்க ஏறக்குறைய 70% வாய்ப்பு. சமமாக வந்தால் பாதி கணக்கு. "70% துல்லியம்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள், அது வேறு விஷயம்.

இனி முக்கியமான இடம். 1000 பேரில் 100 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். 60-ல் நின்றால் சுமார் 73 பேர் பிடிபடுவார்கள், 27 பேர் நழுவுவார்கள். மீதி 900 பேரில் 359 பேர் வீணாக அழைக்கப்படுவார்கள். ஆக 432 பேருக்கு ரத்தப் பரிசோதனை, அவர்களில் நோயுள்ளவர் 17%. இதே கட்-ஆஃபை நோய் 3% மட்டுமே உள்ள இளவயதுக் குழுவில் வைத்தால், அழைக்கப்படும் 100 பேரில் உண்மையான நோயாளிகள் 5 பேர்தான். உங்கள் கிராமத்தில் நோயின் அளவு எவ்வளவு என்று சொல்லாமல் கட்-ஆஃபை நியாயப்படுத்த முடியாது.

யூடன் குறியீடு, J = Se + Sp − 1, பலருக்கும் பழகிய வழி. இங்கே அது 0.326. ஆனால் சென்சிட்டிவிட்டியில் இழக்கும் ஒரு புள்ளியையும் ஸ்பெசிஃபிசிட்டியில் இழக்கும் ஒரு புள்ளியையும் அது ஒரே எடையில் வைக்கிறது. உங்கள் ஊரில் அப்படியா? நழுவியவர் வருடக்கணக்கில் தெரியாமலே இருந்து, கண்ணோ காலோ பாதித்தபின் வரக்கூடும். வீணாக அழைக்கப்பட்டவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார். அதுவும் சின்ன இழப்பு இல்லை. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் கையிருப்பில் இருந்தால் நான் கட்-ஆஃபை இறக்கத்தான் சொல்வேன். ஸ்ட்ரிப் தட்டுப்பாடு என்றால் 60-ஐ விட்டு நகர வேண்டாம்.

R மொழியில் கணக்கிட இது போதும்:

```r
library(pROC)
r <- roc(d$diabetes, d$idrs, direction = "<")
ci.auc(r)
coords(r, "all", ret = c("threshold",
       "sensitivity", "specificity"))
```

வெளியீட்டில் `threshold` 55 என்று வந்தால் திகைக்க வேண்டாம். அடுத்தடுத்த இரு மதிப்பெண்களின் நடுப்புள்ளியை pROC காட்டுகிறது. அதன் பொருள் "60-ம் அதற்கு மேலும்". கட்டுரையில் 55 என்று எழுதிவிட்டால், அப்படியொரு மதிப்பெண்ணே கிடையாது என்று மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்புவார்.

அப்புறம், கட்-ஆஃபைத் தேர்ந்தெடுத்த அதே தரவில் அதன் சென்சிட்டிவிட்டியைக் கணக்கிட்டால் உள்ளதைவிட நன்றாகவே தெரியும். வேறொரு கிராமத்துத் தரவில் சோதித்துக் காட்டுங்கள். இயலாவிட்டால் பூட்ஸ்ட்ராப் திருத்தமாவது செய்யுங்கள். முடிவுகள் பகுதியில் 40 முதல் 80 வரை எல்லா கட்-ஆஃபுக்கும் சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி, 95% நம்பக இடைவெளி, 1000 பேருக்கு எத்தனை ரத்தப் பரிசோதனை, எத்தனை பேர் நழுவுவார்கள் என்று ஓர் அட்டவணை கொடுங்கள். உங்கள் தேர்வு எதுவானாலும், வேறு மாவட்டத்தில் இதைப் படிக்கும் மருத்துவ அதிகாரி தன் ஸ்ட்ரிப் கணக்குக்கு ஏற்ற வரியை அதிலிருந்து எடுத்துக்கொள்வார்.