பாதயாத்திரை நேர்காணல்களைக் குறியிடுவது எப்படி? முதல் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களிடம் பேசி, ஒலிப்பதிவு செய்து, அதை எழுத்தாக்கியும் விட்டீர்கள். இப்போது மேசையில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கிடக்கின்றன. பலரும் இந்த இடத்தில்தான் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் பக்கத்தை எடுத்து, ‘பக்தி’ என்று ஓரத்தில் எழுதுவார்கள். அடுத்த பத்திக்கு ‘நம்பிக்கை’. அதற்கடுத்த பத்திக்கும் ‘நம்பிக்கை’. நான்கு நேர்காணல் முடிவதற்குள் எல்லாப் பக்கத்திலும் அந்த இரண்டு சொற்களே நிறைந்திருக்கும். ஆய்வேட்டில் எழுதுவதற்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

சமய வழக்கம் பற்றிய நேர்காணலில் ‘நம்பிக்கை’ என்பது எந்த வரிக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற குறி எதையும் பிரித்துக் காட்டாது. பேசுகிறவர் என்ன செய்கிறார், யாரோடு செய்கிறார், அதைச் சொல்லும்போது எதை நிலைநாட்டுகிறார் என்பதைக் குறியிடுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

குறியிடுவதற்கு முன்

எழுத்துப்படியைப் பேச்சுத் தமிழிலேயே வைத்திருங்கள். ‘வேண்டிக்கிட்டேன்’ என்று அவர் சொன்னதை ‘வேண்டிக்கொண்டேன்’ என்று திருத்தாதீர்கள். சிரிப்பு, நீண்ட மௌனம், குரல் தாழ்வது, பக்கத்தில் யாரோ வந்ததும் பேச்சு மாறுவது எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் குறித்துக்கொள்ளுங்கள். சமயம் பற்றிய பேச்சில் பாதிச் செய்தி அங்கேதான் இருக்கும். ஒரு மணி நேரப் பதிவை இப்படி எழுத நான்கைந்து மணி நேரமாவது பிடிக்கும். அந்த வேலையை முடிந்தவரை நீங்களே செய்யுங்கள். காதால் கேட்டுக் கையால் எழுதும்போதே பகுப்பாய்வு தொடங்கிவிடுகிறது.

ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதுவதாக இருந்தாலும் குறியிடுவதைத் தமிழ் எழுத்துப்படியில் செய்யுங்கள். கடைசியில் மேற்கோள் காட்டப் போகும் பகுதிகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் எந்த மென்பொருளிலும் தேட முடியாது.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஓர் ஊரில் காவடிக் குழுவுக்குக் குருசாமி ஒருவர்தான் இருப்பார். ஊர்ப்பெயர், சாதி, குழுவில் அவர் பொறுப்பு ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் அந்த ஊர்க்காரர் எவருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். ஊரை ‘சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர்’ என்று பொதுவாகச் சொல்லுங்கள். பொறுப்பை ‘குழுவின் மூத்தவர்’ என்று மாற்றுங்கள். உண்மைப் பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பில், கடவுச்சொல் போட்டுப் பூட்டி வையுங்கள்.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

பயிற்சிக்காக நானே எழுதிய பகுதி இது. பேசுபவர் காரைக்குடிப் பக்கத்துப் பெண், வயது ஐம்பதை ஒட்டி.

கேள்வி: முதல் தடவ எப்ப நடந்தீங்க?

பதில்: எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆச்சுல்ல, அந்த வருசம். வேண்டிக்கிட்டேன். மூணு வருசம் நடந்து வர்றேன்னு. மூணு வருசமும் முடிஞ்சிருச்சு (சிரிக்கிறார்). ஆனா விட மனசு வரல. மாலை போட்டுட்டா வீட்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மாமியாரே காபி போட்டுக் குடுப்பாங்க. (இடைவெளி) நடக்குறது நானா? அவன்தான கூட்டிட்டுப் போறான்.

அவசரமாகக் குறியிட்டால் ‘நேர்த்திக்கடன்’, ‘குடும்பம்’, ‘பக்தி’ என்று மூன்று சொல் வரும். அவை தலைப்புகள். இந்தப் பெண் என்ன சொன்னார் என்பது அவற்றில் இல்லை. ஒவ்வொரு வரியாகப் போங்கள்.

‘மூணு வருசம் நடந்து வர்றேன்னு’: வேண்டுதலுக்குக் கணக்கு வைத்தல்.
‘விட மனசு வரல’: கடன் தீர்ந்த பிறகும் தொடர்தல்.
‘யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க’: மாலை தரும் பாதுகாப்பு.
‘மாமியாரே காபி போட்டுக் குடுப்பாங்க’: வீட்டில் பணிவிடை திசைமாறுதல்.
‘அவன்தான கூட்டிட்டுப் போறான்’: செயலை முருகனிடம் ஒப்படைத்தல்.

இந்தக் குறிகளில் பெரும்பாலும் ஒரு வினை இருக்கிறது: வைத்தல், தொடர்தல், திசைமாறுதல், ஒப்படைத்தல். தொடக்கத்தில் இப்படித் தொழிற்பெயரில் முடிகிற குறிகளாகவே எழுதப் பழகுங்கள். சொல் நீண்டாலும் பரவாயில்லை. அவர் வாயிலிருந்து வந்த சொல்லையே குறியாக வைப்பதும் நல்ல முறை. ‘விட மனசு வரல’ என்பதை அப்படியே குறியாக வைத்து, மற்ற நேர்காணல்களில் அதற்கு இணையான பேச்சு வருகிறதா என்று தேடலாம்.

கடைசி வரியை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘நடக்குறது நானா?’ என்ற வரி மாமியார் காபி போட்டுக் கொடுப்பதற்கு அடுத்து, ஓர் இடைவெளி விட்டு வருகிறது. வீட்டில் கிடைக்கும் மரியாதையைத் தன் வாயால் சொன்னவர், உடனே அந்தப் பெருமையைத் தன்மேலிருந்து எடுத்து முருகன்மேல் வைக்கிறார். வரிகளைத் தனித்தனியாக வெட்டி வெவ்வேறு குறிகளின் கீழே போட்டுவிட்டால் இந்த வரிசை காணாமல் போய்விடும். அதனால் ஒரு குறியின் கீழ் எடுத்துவைக்கும் பகுதியில் முன்னும் பின்னும் இரண்டு மூன்று வரியாவது சேர்த்தே எடுங்கள். ஒரே வரிக்கு இரண்டு மூன்று குறிகள் இருப்பதிலும் தவறில்லை.

‘பெண் விடுதலை’ என்று குறியிட ஆசை வரும். அது அவர் சொன்னது இல்லை, நீங்கள் படித்த கோட்பாட்டிலிருந்து வருவது. அந்த எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். அதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், குறியாக ஆக்காதீர்கள்.

எல்லோரும் சொல்லும் சொற்கள்

‘எல்லாம் அவன் செயல்’, ‘முருகன் பாத்துக்குவான்’, ‘அவன் கூப்பிட்டாத்தான் போக முடியும்’. இவை எல்லா நேர்காணலிலும் வரும். வழக்கமான பேச்சு என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு, ஒவ்வொன்றையும் ஆழ்ந்த இறையனுபவமாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். அந்தச் சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். ‘போன வருசம் ஏன் போகல?’ என்று கேட்டதும் ‘அவன் கூப்பிடல’ என்று ஒருவர் சொன்னால், அங்கே அது மேற்கொண்டு கேட்க வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறது. செம்மடைப்பட்டி தாண்டி நடக்கும்போது கால் கொப்புளம் உடைந்ததைச் சொல்லிவிட்டு ‘அவன் கூப்பிட்டான், போனேன்’ என்றால் அது வலியைத் தாங்கிய விதத்தைச் சொல்வது. சொல் ஒன்றே, குறிகள் வேறு.

சொல்லாமல் விட்டதற்கும் குறி உண்டு. தீட்டு பற்றிக் கேட்டதும் குரல் தாழ்வது, எந்த மடத்தில் யார் யாரோடு தங்கினார்கள் என்ற கேள்விக்கு ‘அங்க எல்லாரும் ஒண்ணுதான்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அன்னதானத்தைப் பற்றி விரிவாகப் பேசுவது. ‘பேச்சை மாற்றுதல்’ என்று ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை ஊகித்துக் குறியில் எழுத வேண்டாம்.

குறிப்பட்டியல்

மூன்று நான்கு நேர்காணலுக்குப் பிறகு குறிகள் எண்பது, நூறு என்று பெருகியிருக்கும். பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒன்றையே சொல்பவற்றைச் சேருங்கள். மிஞ்சுபவற்றுக்கு ஒரு பட்டியல் தயாரியுங்கள். ஒவ்வொரு குறிக்கும் ஒரு வரி விளக்கம், எப்போது பயன்படுத்துவது, எப்போது கூடாது, ஒரு மேற்கோள் வேண்டும். எடுத்துக்காட்டாக:

குறி: விரதத்தின் வேலை.
விளக்கம்: மாலை போட்டவருக்காக மற்றவர் செய்யும் சமையல், துவைப்பு, வீடு கழுவுதல்.
பயன்படுத்துக: வேலையை யார் செய்தார் என்று பேச்சில் தெரியும்போது.
வேண்டாம்: விரதம் இருப்பவரே தன் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும்போது.
மேற்கோள்: ‘எனக்குத் தனிப் பாத்திரம், தனிச் சமையல். காலையில நாலு மணிக்கே வீட்டம்மா எந்திரிச்சிருவாங்க.’

இந்த மேற்கோள் விரதத்தின் கடுமையைச் சொல்ல வந்த ஓர் ஆணின் பேச்சாக எழுதப்பட்டது. நாலு மணிக்கு எழுந்தது யார் என்று பாருங்கள். குறிப்பட்டியல் கவனமாக இருந்தால்தான் இப்படிப்பட்டவை கண்ணில் படும்.

பட்டியல் மாறினால் முதல் நேர்காணலுக்குத் திரும்பிப் போய் மறுபடி குறியிட வேண்டும். இதில் குறுக்குவழி இல்லை.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. டகெட் (Taguette), குவால்கோடர் (QualCoder) இரண்டும் இலவசம், திறந்த மூல மென்பொருள்கள். பத்துப் பதினைந்து நேர்காணலுக்கு வண்ணப் பென்சிலும் ஒரு கணக்குத்தாள் கோப்புமே போதும்.

குறியிலிருந்து கருப்பொருளுக்கு

விர்ஜினியா பிரௌனும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் எழுதிய கட்டுரையில் கருப்பொருள் பகுப்பாய்வை ஆறு கட்டங்களாகச் சொன்னார்கள்: தரவோடு பழகுதல், குறியிடுதல், கருப்பொருள் தேடுதல், சரிபார்த்தல், வரையறுத்துப் பெயரிடுதல், எழுதுதல். முறையியல் அத்தியாயத்தில் இதைச் சொல்லிவிட்டு ஆறு கட்டத்தையும் வரிசையாகத் தாண்டியதாக எழுதுகிறவர்கள் அதிகம். உண்மையில் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருப்போம். அப்படியே எழுதுங்கள்.

‘பெண்களும் யாத்திரையும்’ என்பது தலைப்பு. ‘வேண்டுதல் முடிந்த பிறகு, யாத்திரை வீட்டுக்குள் ஓர் இடத்தைக் காத்துக்கொள்ளும் வழியாகிறது’ என்பது கருப்பொருள். அதில் ஒரு கூற்று இருக்கிறது, அது தவறாகவும் இருக்கலாம். அதனால் அதற்கு எதிராகப் பேசுகிறவரைத் தேடிப் போங்கள். வேண்டுதல் முடிந்ததும் நிறுத்திவிட்டவர் இருக்கிறாரா? மாலை போட்டும் வீட்டில் ஏச்சு வாங்கியவர் இருக்கிறாரா? இருந்தால் அவரை அத்தியாயத்துக்குள் கொண்டுவாருங்கள். உங்கள் கூற்று எந்த வீட்டில் செல்லும், எந்த வீட்டில் செல்லாது என்று எல்லை கட்ட உதவுகிறவர் அவர்தான்.

‘பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர்’ என்று எண்ணிக்கை எழுதுவதால் கருப்பொருளுக்கு வலு கூடாது. பன்னிரண்டு பேரை நீங்கள் தேர்ந்தெடுத்த விதம் அந்தக் கணக்குக்கு இடம் தராது.

நீங்கள் யார்?

சிறுவயதிலிருந்து நடந்தவர் ஆய்வு செய்தால் ‘உங்களுக்குத் தெரியாததா?’ என்ற பதில் அடிக்கடி வரும். தெரிந்தது என்று விட்டுவிடாமல், அந்த இடத்தையும் குறியிடுங்கள். இறைமறுப்புக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு ஒவ்வொரு வேண்டுதலுக்கும் பின்னால் பணக் கஷ்டமோ நோயோதான் தெரியும். இருவருக்கும் ஒரே மருந்து குறிப்பேடு. நாள்தோறும் குறியிட்டு முடித்ததும் அரைப்பக்கம் எழுதுங்கள்: எந்த வரி எரிச்சலூட்டியது, எங்கே மனம் ஒப்பவில்லை, எதைப் படித்துக் கண் கலங்கியது. ஆய்வாளரின் நிலை பற்றிய பகுதியை எழுத உட்காரும்போது கையில் இருக்கப் போவது இதுதான்.

இரண்டாவது ஆள் ஒருவரையும் குறியிடச் சொல்ல வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. முதுகலை ஆய்வேட்டுக்கு இருவர் வைத்த குறிகளும் எத்தனை விழுக்காடு ஒத்துப்போகின்றன என்று கணக்குப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஒரே ஒரு நேர்காணலை நண்பரிடம் கொடுத்து, அவர் வைத்த குறிகளோடு உங்களுடையதை வைத்துப் பேசிப் பாருங்கள். வேறு சமயத்தைச் சேர்ந்த நண்பராக இருந்தால் இன்னும் நல்லது. பெயர் நீக்கிய படியைத்தான் கொடுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்றும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் குறிப்பட்டியலையும், ஒரே ஒரு பக்கக் குறியிட்ட எழுத்துப்படியையும் சேருங்கள். முழு எழுத்துப்படிகளைச் சேர்க்காதீர்கள். பெயரை நீக்கியிருந்தாலும், நாற்பது பக்கப் பேச்சை வாசிக்கிற சொந்த ஊர்க்காரருக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துவிடும்.