விலைத் தேவை நெகிழ்ச்சி: கணக்குத் தாளும் விடைகளும்

மொத்தம் 25 மதிப்பெண். விலை 1% மாறினால் தேவை எத்தனை சதவீதம் மாறும் என்பதே நெகிழ்ச்சி; அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் என்ன சொல்கிறது என்று ஒரு வாக்கியமாவது எழுதினால்தான் முழு மதிப்பெண்.

கணக்கு 1 (10 மதிப்பெண்)

கல்லூரி வாசலில் இருக்கும் டீக்கடையில் ஒரு டீ 12 ரூபாயாக இருந்தபோது நாளுக்கு 420 டீ விற்றது. விலையை 15 ரூபாய் ஆக்கியதும் விற்பனை 340 ஆகக் குறைந்தது. வேறெதுவும் மாறவில்லை. நெகிழ்ச்சியைக் கண்டுபிடித்து, விலையேற்றம் கடையின் வருவாயை என்ன செய்தது என்று விளக்குக.

விடை. பலரும் பழைய விலையை அடியாக வைத்துக் கணக்கிடுவார்கள். தேவை 80/420, அதாவது 19.05% குறைந்தது; விலை 3/12, அதாவது 25% ஏறியது. நெகிழ்ச்சி −0.76. இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். விலை 15-லிருந்து 12-க்கு இறங்குகிறது, 20% குறைவு. தேவை 80/340, அதாவது 23.53% கூடுகிறது. நெகிழ்ச்சி −1.18. அதே இரண்டு புள்ளிகள்தான். ஆனால் ஏறும்போது தேவை நெகிழ்ச்சி குறைந்தது என்றும், இறங்கும்போது நெகிழ்ச்சி மிக்கது என்றும் விடை வருகிறது. அடியாக எடுத்த எண் மாறியதுதான் காரணம்.

இரண்டு புள்ளிகள் கொடுத்திருந்தால் மையப்புள்ளி முறையே சரி. சராசரியை அடியாக வைத்தால் எந்தத் திசையில் போனாலும் ஒரே விடைதான்.

```
E = (ΔQ / சராசரி Q) ÷ (ΔP / சராசரி P)
  = (−80 / 380) ÷ (3 / 13.5)
  = −0.2105 ÷ 0.2222
  = −0.947
```

குறியை நீக்கிப் பார்த்தால் 0.947. ஒன்றுக்குக் கீழே, ஆனால் ஒன்றை ஒட்டி. விலை 1% ஏறினால் தேவை ஏறக்குறைய 0.95% குறையும். ஆகவே வருவாய் சற்றே கூடியிருக்க வேண்டும். சரிபார்ப்போம்: 12 × 420 = 5,040 ரூபாய்; 15 × 340 = 5,100 ரூபாய். கூடியது வெறும் 60 ரூபாய். மையப்புள்ளி நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழே இருந்தால், விலை ஏறும்போது மொத்த வருவாய் கட்டாயம் கூடும். விடை சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

வருவாயை லாபம் என்று எழுதினால் மதிப்பெண் போகும். 80 டீ குறைவாகப் போடுவதால் பாலும் சர்க்கரையும் மிச்சமாகும். ஆகவே லாபம் 60 ரூபாய்க்கு மேலேயே கூடியிருக்கும்.

கணக்கு 2 (10 மதிப்பெண்)

ஒரு நாடகக் குழுவின் டிக்கெட்டுக்கான தேவை: `Q = 600 − 4P`. விலை 50, 75, 100 ரூபாயாக இருக்கும்போது நெகிழ்ச்சி என்ன? எந்த விலையில் வருவாய் உச்சம்?

விடை. இங்கே தேவைச் சமன்பாடே கையில் இருப்பதால் புள்ளி நெகிழ்ச்சி: `E = (dQ/dP) × (P/Q)`. சாய்வு எங்கும் −4.

P = 50: Q = 400, E = −0.5, வருவாய் 20,000
P = 75: Q = 300, E = −1, வருவாய் 22,500
P = 100: Q = 200, E = −2, வருவாய் 20,000

"சாய்வு −4, ஆகவே நெகிழ்ச்சி −4" என்பதுதான் இந்தக் கணக்கில் அதிகம் வரும் பிழை. சாய்வு ரூபாய்க்கு எத்தனை டிக்கெட் என்று அளக்கிறது. விலையைப் பைசாவில் எழுதினால் அதே சாய்வு −0.04 ஆகிவிடும். நெகிழ்ச்சிக்கு அலகே கிடையாது. நேர்கோட்டுத் தேவையில் சாய்வு மாறாது, P/Q மாறும்; அதனால் கோட்டில் மேலே போகப்போக நெகிழ்ச்சி கூடுகிறது.

வருவாய் உச்சம் 75 ரூபாயில். அதுவே லாப உச்சமும் ஆக வேண்டுமானால், கூடுதலாக ஒருவரை உட்காரவைக்கச் செலவே இருக்கக் கூடாது. ஒவ்வொரு பார்வையாளருக்கும் 20 ரூபாய் செலவானால், கூடுதலாக ஒரு டிக்கெட் விற்பதால் வரும் இறுதிநிலை வருவாய் அந்தச் செலவுக்குச் சமமாகும் இடத்தில்தான் லாபம் உச்சம். `P = 150 − Q/4` என்பதால் `150 − Q/2 = 20`. ஆகவே Q = 260, P = 85, நெகிழ்ச்சி −1.31. விலையைத் தானே தீர்மானிக்கும் விற்பனையாளர், செலவு இருக்கும்வரை, நெகிழ்ச்சி ஒன்றுக்கு மேல் உள்ள பகுதியில்தான் நிற்பார்.

கணக்கு 3 (5 மதிப்பெண்)

சாதாரண நாளில் மல்லிகை கிலோ 600 ரூபாய், ஒரு கடையில் 200 கிலோ விற்கிறது. முகூர்த்த நாளில் விலை 1,200 ரூபாய், விற்பனை 260 கிலோ. ஒரு மாணவர் மையப்புள்ளி முறையில் +0.39 என்று விடை எழுதி, "மல்லிகைக்குத் தேவை விதி பொருந்தாது" என்கிறார். சரியா?

விடை. கூட்டல் வகுத்தலில் பிழையில்லை: 60/230 = 26.09%, 600/900 = 66.67%. பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது. முகூர்த்தம் வந்ததும் தேவைக்கோடே வலப்புறம் நகர்ந்துவிட்டது. இரண்டு புள்ளிகளும் வெவ்வேறு தேவைக்கோடுகளில் இருக்கின்றன. நெகிழ்ச்சி என்பது ஒரே கோட்டின் மேல் நகர்வதை அளப்பது. நமக்குக் கிடைத்த இரு புள்ளிகளும் உண்மையில் அளிப்புக்கோட்டைப் பற்றித்தான் ஏதோ சொல்கின்றன. அளிப்பு நிலைமை இரு நாளும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், +0.39 என்பது அளிப்பு நெகிழ்ச்சி. விலை இரு மடங்கானாலும் பறித்து வர இருக்கும் பூ அவ்வளவுதான் என்பதால் அந்த எண் சிறியது.

தேவை நெகிழ்ச்சி வேண்டுமென்றால், வாங்குபவர்களின் நிலை மாறாமல் வரத்து மட்டும் மாறிய இரண்டு நாட்களை ஒப்பிட வேண்டும். உதாரணத்துக்கு, அடுத்தடுத்த இரண்டு முகூர்த்த நாட்கள். ஒன்றில் மட்டும் முந்தின இரவு மழை பெய்து பூ வரத்து குறைந்திருந்தால் போதும். இந்த உதாரணத்தையோ இது போன்ற வேறொன்றையோ எழுதியவர்களுக்கு 2 மதிப்பெண். கோடு நகர்ந்ததைச் சொன்னவர்களுக்கு 3.